வினாவிற்கு விடையாகும் முடிவுரை

தமிழில் 'முடிவு' என்னும் சொல் இரு பொருள்களில் வழங்குகிறது. 'பாதை ஆற்றங்கரையில் முடிவுற்றது' என்னும்போது அது இறுதியைக் குறிக்கிறது. 'ஊர்க்கூட்டத்தில் முடிவு எடுத்தனர்' என்னும்போது அது தீர்மானத்தைக் குறிக்கிறது. கட்டுரையின் முடிவுரை இவ்விரு பொருள்களுக்கும் உரியது. அது கட்டுரையின் கடைசிப் பத்தி; கட்டுரையாளர் எடுத்த தீர்மானமும் அதுவே. எனினும், மாணவர் எழுதும் கட்டுரைகள் பலவற்றில் முதற்பொருள் மட்டுமே எஞ்சுகிறது. 'இவ்வாறாக' என்று தொடங்கி, முன்னுரையில் கூறியவற்றையே சொல் மாற்றிக் கூறி, ஓர் அறிவுரையுடன் அப்பத்தி நின்றுவிடுகிறது. வினாத்தாளில் கேட்கப்பட்டது என்ன, அதற்கு எழுதியவரின் விடை என்ன என்பது கடைசிவரை தெரியாமலேயே போகிறது.

நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து என்று நன்னூல் வகுத்துக் கூறுகிறது. அவற்றுள் ஒன்று 'கூறியது கூறல்'. முன்னுரையைத் திரும்ப எழுதும் முடிவுரை இக்குற்றத்திற்குத் தெளிவான சான்றாகும். ஆயினும், குற்றத்தின் பெயரை அறிந்துகொள்வதால் மட்டும் அது நீங்கிவிடாது. அது ஏன் நேர்கிறது, அதனைத் தவிர்த்து எழுதுவது எவ்வாறு என்பதை ஒரு வினாவை எடுத்துக்கொண்டு படிப்படியாகக் காண்பதே பயன்தரும்.

ஒரு வினாவும் ஒரு கட்டுரையும்

"பாண்டியன் நெடுஞ்செழியனை நீதி தவறிய மன்னன் எனல் பொருந்துமா? சிலப்பதிகார நிகழ்வுகளின் வழி ஆராய்க" என்பது வினா. இவ்வினாவிற்கு மாணவர் ஒருவர் நான்கு பத்திகளில் பொருளுரை எழுதியிருப்பதாகக் கொள்வோம்.

முதற்பத்தி கொலைக்களக் காதையைக் கூறுகிறது. ஊடியிருந்த அரசியைக் காண அரசன் விரைந்து செல்கிறான். வழியில் பொற்கொல்லன் எதிர்ப்பட்டு, அரசியின் சிலம்பைக் கவர்ந்த கள்வன் தன் குடிலில் இருக்கிறான் என்கிறான். அரசன் அதனை ஆராயவில்லை. காவலரை அழைத்து, சிலம்பு அவன் கையில் இருக்குமாயின் அவனைக் கொன்று அதனைக் கொண்டுவருமாறு ஆணையிடுகிறான்.

இரண்டாம் பத்தி காவலரைப் பற்றியது. கோவலனைக் கண்ட காவலர், இவன் தோற்றம் கொலைக்கு உரிய கள்வனின் தோற்றமாக இல்லை என ஐயுறுகின்றனர். பொற்கொல்லன் கள்வரின் தந்திரங்களை விரித்துரைத்து அவர்கள் மனத்தை மாற்ற முயல்கிறான். அறிவற்ற காவலன் ஒருவன் வாளால் கோவலனை வெட்டி வீழ்த்துகிறான்.

மூன்றாம் பத்தி வழக்குரை காதைக்குச் செல்கிறது. கண்ணகியை அரசன் அவைக்குள் வரவிட்டு அவள் கூற்றைக் கேட்கிறான். தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள் அவள். தம் சிலம்பின் பரல் முத்து என அரசன் மறைக்காமல் கூறி, கோவலனிடமிருந்து பெற்ற சிலம்பைக் கொணரச் செய்து அவள்முன் வைக்கிறான். அவள் உடைத்ததும் மாணிக்கம் தெறிக்கிறது. பொற்கொல்லன் சொற்கேட்ட தானே கள்வன் எனத் தன்மீதே தீர்ப்புரைத்து, அரியணையிலிருந்து வீழ்ந்து உயிர்விடுகிறான்.

நான்காம் பத்தி வஞ்சிக் காண்டத்திற்கு உரியது. இச்செய்தியைக் கேட்ட சேரன் செங்குட்டுவன், வினையால் வளைந்த கோலைப் பாண்டியனின் பிரிந்த உயிர் நிமிர்த்துச் செங்கோலாக்கியது என்னும் கருத்துப்படப் பேசுகிறான்.

பொருளுரையில் குறை சொல்வதற்கு அதிகம் இல்லை. நிகழ்வுகள் சரியானவை, வினாவிற்குத் தொடர்புடையவை. இனி, அம்மாணவர் எழுதிய முன்னுரையையும் முடிவுரையையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

முன்னுரை: "ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றான சிலப்பதிகாரத்தை இளங்கோவடிகள் இயற்றினார். அதில் பாண்டியன் நெடுஞ்செழியன் கோவலனுக்குக் கொலைத்தண்டனை அளித்தான். அவன் நீதி தவறிய மன்னனா என்பதை இக்கட்டுரையில் காண்போம்."

முடிவுரை: "இவ்வாறாக, இளங்கோவடிகள் இயற்றிய சிலப்பதிகாரத்தில் பாண்டியன் நெடுஞ்செழியன் கோவலனுக்குக் கொலைத்தண்டனை அளித்ததையும், அவன் நீதி தவறினானா என்பதையும் கண்டோம். ஆட்சியாளர் எக்காலத்தும் நீதி தவறாமல் நடத்தல் வேண்டும்."

'காண்போம்' என்பது 'கண்டோம்' என மாறியதைத் தவிர இரண்டிற்கும் இடையே வேறுபாடு மிகக் குறைவு. நீதி தவறினானா என்பதைக் கண்டதாக முடிவுரை சொல்கிறது. கண்டது என்ன என்பதைச் சொல்லவில்லை. இறுதி வாக்கியம் வினாவிற்கு வெளியே போய்விட்டது. ஆட்சியாளர் எவ்வாறு நடத்தல் வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை.

இம்முடிவுரையை அறிந்துகொள்ள எளிய சோதனை ஒன்று உண்டு. பொருளுரையின் ஒரு வரியையும் எழுதுவதற்கு முன்பே இதனை எழுதியிருக்க முடியுமா என்று கேட்க வேண்டும். மேற்கண்ட முடிவுரையை எழுதியிருக்க முடியும். காவலரின் ஐயமோ, மாணிக்கப் பரலோ, செங்குட்டுவனின் கூற்றோ இல்லாமலேயே அது நிற்கிறது. அப்படியானால், இடையில் உள்ள நான்கு பத்திகளும் முடிவிற்கு எதையும் தரவில்லை என்பதே பொருள்.

விடையைக் கண்டடைதல்

முடிவுரையை எழுத வேண்டிய இடத்தில் மாணவரின் கண் இயல்பாக முன்னுரைக்குச் செல்கிறது. கூறியது கூறல் நேர்வதற்கு இதுவே முதன்மைக் காரணம். அவ்விடத்தில் படிக்க வேண்டியது முன்னுரை அன்று, வினா. வினாவை மீண்டும் ஒருமுறை சொல் சொல்லாகப் படிக்கும்போது, முதல் வாசிப்பில் கவனத்திற்கு வராத ஒன்று புலப்படும். பாண்டியன் தவறு செய்தானா என்று இவ்வினா கேட்கவில்லை. 'நீதி தவறிய மன்னன்' என்று அவனைக் கூறுதல் பொருந்துமா என்று கேட்கிறது. ஒரு செயல் தவறானது என்பதும், அச்செயலைக் கொண்டே ஒருவனுக்குப் பெயரிடலாம் என்பதும் வேறு வேறு செய்திகள். விடை இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

அடுத்து, பொருளுரையின் ஒவ்வொரு பத்தியும் வினாவிற்கு என்ன மறுமொழி தருகிறது என்பதை ஓரத்தில் ஒரு சிறு தொடராகக் குறித்துக்கொள்ளலாம். பத்தி எதைப் பற்றியது என்று குறிப்பதால் பயனில்லை. அது வினாவை நோக்கி என்ன சொல்கிறது என்று குறிக்க வேண்டும். 'கொலைக்களக் காதை' என்று எழுதுவது தலைப்பு மட்டுமே. 'கேளாமல் தண்டித்தான், ஆகவே பொருந்தும்' என்பதே மறுமொழி. இரண்டாம் பத்திக்கு, 'ஐயம் எழுந்தும் ஆணை அதற்கு இடம் தரவில்லை. பொருந்தும்' எனக் குறிக்கலாம். மூன்றாம் பத்திக்கு, 'தனக்கு எதிரான உண்மையையும் மறைக்கவில்லை, தன்னையே தண்டித்தான், பொருந்தாது' எனவும், நான்காவதற்கு, 'இன்னொரு வேந்தன் அவன் கோல் நிமிர்ந்ததாகக் கருதுகிறான், பொருந்தாது' எனவும் குறிக்கலாம்.

இப்போது இரண்டு பத்திகள் ஒருபுறமும் இரண்டு பத்திகள் மறுபுறமும் நிற்கின்றன. மாணவர் பலர் தடுமாறும் இடம் இதுவே. 'பாண்டியன் நீதி தவறினான் என்றும் சொல்லலாம், தவறவில்லை என்றும் சொல்லலாம்' என எழுதி அவர்கள் ஒதுங்கிக்கொள்கின்றனர். இது நன்னூல் கூறும் 'மயங்க வைத்தல்' என்னும் குற்றமாகும். நடுநிலைபோலத் தோன்றினாலும் இது விடை அன்று. இரு பக்கமும் சான்று இருப்பது, ஆராய்ச்சி தொடங்க வேண்டும் என்பதற்கே அடையாளம்.

இங்குக் கேட்க வேண்டிய கேள்வி, இவ்விருவகைச் சான்றுகளும் ஒன்றைப் பற்றியே பேசுகின்றனவா என்பதாகும். கூர்ந்து நோக்கினால் அவ்வாறு இல்லை. முதலிரு பத்திகள் கோவலன் உயிரோடு இருந்தபோது அரசன் செய்ததைப் பேசுகின்றன. பின்னிரு பத்திகள் கோவலன் இறந்தபின் அவன் செய்ததைப் பேசுகின்றன. ஒன்று மற்றொன்றை அழிப்பதில்லை. பாண்டியன் உயிர்விட்டதால் கோவலன் மீளவில்லை. ஆகவே முதற்செயலின் தவறு தவறாகவே நிற்கிறது. ஆனால், தன் தவற்றை அறிந்த அரசன் தன்னை நீதிக்கு மேலானவனாகக் கருதவில்லை என்பதும் மறுக்க முடியாதது. இந்தப் பகுப்பு கிடைத்தவுடன் முடிவுரைக்கு வேண்டிய பொருளும் கிடைத்துவிடுகிறது.

அதனை இவ்வாறு எழுதலாம்:

"பாண்டியன் நெடுஞ்செழியன் கோவலனுக்குச் செய்தது நீதியன்று. அவனை ஒரு சொல் கேட்டிருந்தால், அல்லது சிலம்பைத் திறந்து பார்த்திருந்தால், கொலை நிகழ்ந்திராது. பின்னர் அவன் உயிர்விட்டது அத்தவற்றை இல்லாமல் ஆக்கவில்லை. ஆயினும், உண்மை வெளிப்பட்ட கணத்தில் அரசன் என்னும் தகுதியைக் காட்டித் தப்ப முயலாமல், தன்னையே கள்வன் என்று தீர்த்துக்கொண்டான். நீதியைப் புறக்கணித்து ஆள்பவன் அவ்வாறு செய்யமாட்டான். எனவே 'நீதி தவறிய' என்னும் அடை அவன் இட்ட ஆணைக்குப் பொருந்தும். அவன் முழு ஆட்சிக்கும் உரிய பெயராக அதனைக் கொள்ளுதல் பொருந்தாது."

இம்முடிவுரையை முன்னரே எழுதியிருக்க முடியாது. இதன் ஒவ்வொரு தொடரும் பொருளுரையில் நிறுவப்பட்ட ஒன்றின்மீது நிற்கிறது. எனினும் அந்நிகழ்வுகள் மீண்டும் விவரிக்கப்படவில்லை. மாணிக்கப் பரல் தெறித்த காட்சி 'உண்மை வெளிப்பட்ட கணத்தில்' என்னும் சிறு தொடராகச் சுருங்கிவிட்டது. நினைவூட்டலுக்கு அவ்வளவே போதும். வினாவில் உள்ள 'பொருந்துமா' என்னும் சொல்லே இறுதி இரு வாக்கியங்களில் 'பொருந்தும்', 'பொருந்தாது' எனத் திரும்பி வருகிறது. மறுபக்கச் சான்றும் மறைக்கப்படவில்லை. அதற்கு உரிய இடமும் எல்லையும் தரப்பட்டுள்ளன.

மாறான முடிவும் விடையே

இதே நான்கு பத்திகளைக் கொண்டு வேறொரு மாணவர் எதிர்முடிவிற்கு வரலாம். அவருடைய முடிவுரை இவ்வாறு அமையலாம்:

"நெடுஞ்செழியனை நீதி தவறிய மன்னன் எனல் முற்றிலும் பொருந்தும். கண்ணகி வந்தபின் அவன் செய்த ஆய்வு கடினமானது அன்று. சிலம்பைக் கொணர்ந்து பரலைக் காண்பதே அது. கோவலன் பிடிபட்டபோதும் அதே சிலம்பு இருந்தது. அதே ஆய்வைச் செய்திருக்கலாம். மன்னனின் நீதி தண்டனைக்கு முன்பு வெளிப்பட வேண்டியது. செங்குட்டுவன் போற்றுவது ஒரு வேந்தனின் மானத்தை. கோவலனுக்குக் கிடைக்காத நீதியை அன்று."

இரண்டும் சிறந்த முடிவுரைகளே. ஒரே சான்றுகளிலிருந்து மாறுபட்ட முடிவுகள் தோன்றுவதற்குக் காரணம், எது முந்தியது என்பதில் இருவரும் கொண்ட கருத்து வேறுபடுவதே. முதலாமவர் செயலையும் மனிதனையும் பிரித்தார். இரண்டாமவர் அரசநீதி எப்போது வெளிப்பட வேண்டும் என்னும் காலத்தை அளவுகோலாக்கினார். ஒவ்வொருவரும் தம் அளவுகோலை வெளிப்படையாகக் கூறியிருப்பதால், படிப்பவர் அதனை ஏற்கலாம், மறுக்கலாம். திருத்துபவர் தேடுவதும் இந்த அளவுகோலையே. தாம் கொண்ட கருத்தையே மாணவரும் கொண்டிருக்கிறாரா என்பதை அன்று.

தடம் மாறும் இடங்கள்

கூறியது கூறலைத் தவிர்க்க வேண்டும் என்று கற்ற மாணவர், வேறொரு பக்கம் சறுக்குவதும் உண்டு. புதிதாக ஏதேனும் சொல்ல வேண்டும் என்னும் விருப்பத்தால், பொருளுரையில் வராத சான்றை முடிவுரையில் நுழைத்துவிடுகின்றனர். மேற்கண்ட கட்டுரையின் கடைசி வரியில், 'முற்பிறப்பில் கோவலன் செய்த வினையும் இதற்குக் காரணம்' என்று எழுதினால் என்ன ஆகும்? கட்டுரை காதையில் மதுரையின் காவல்தெய்வம் கூறும் அச்செய்தி உண்மையில் இக்காப்பியத்தில் உள்ளதே. ஆனால், வினைதான் காரணம் என்றால் அரசனின் பொறுப்பு எவ்வளவு என்னும் புதிய சிக்கல் எழுகிறது. அதனை ஆராயப் பக்கமும் இல்லை, நேரமும் இல்லை. நன்னூல் இதனை 'மற்றொன்று விரித்தல்' என்னும். ஊழ்வினை பற்றிய சான்று தேவை எனின், அதற்குப் பொருளுரையில் ஐந்தாவது பத்தி ஒன்றை அமைத்திருக்க வேண்டும். முடிவுரையில் புதியதாக இருக்க வேண்டியது தீர்மானம், சான்று அன்று.

மேற்கோளுடன் முடிப்பதும் பரவலான வழக்கம். சிலப்பதிகாரக் கட்டுரை என்றால், பதிகம் கூறும் மூன்று உண்மைகளை எழுதி முடித்தல் பெரும்பாலோர்க்குப் பழகிவிட்டது. அவற்றுள் ஒன்று, அரசியலில் பிழை செய்தவருக்கு அறமே எமனாகும் என்பது. இவ்வினாவிற்கு அது பொருத்தமானதுபோலத் தோன்றும். ஆனால், அரசன் பிழை செய்தான் என்பதை அக்கூற்று முன்னரே ஏற்றுக்கொண்டு பேசுகிறது; வினாவோ அதனை ஆராயச் சொல்கிறது. மேற்கோள் மாணவரின் தீர்ப்பிற்குத் துணையாக நிற்கலாம். அத்தீர்ப்பின் இடத்தை அது பிடித்துக்கொள்ளலாகாது. மேற்கோளை நீக்கிவிட்டுப் படித்தாலும் விடை நிற்கிறதா என்று பார்த்தால் வேறுபாடு தெரிந்துவிடும்.

முன்னுரையிலேயே விடையைக் கூறிவிட்டவர் என்ன செய்வது என்னும் ஐயமும் எழும். அவ்வாறு தொடங்குவது தவறன்று. முன்னுரையில், 'நெடுஞ்செழியனை நீதி தவறிய மன்னன் எனல் முழுமையாகப் பொருந்தாது' என ஒருவர் எழுதியிருக்கலாம். அங்கு அது ஒரு கருத்து மட்டுமே; இன்னும் நிறுவப்படவில்லை. முடிவுரையில் அதே கருத்து வரும்போது 'முழுமையாக' என்னும் சொல்லின் அளவு விளங்கியிருக்க வேண்டும். எந்த அளவிற்குப் பொருந்தும், எந்த இடத்தில் பொருந்தாமல் போகிறது, அதனைக் காட்டிய சான்று எது என்பவை சேர்ந்துவிட்டால், அது கூறியது கூறலாகாது.

எல்லா வினாவிற்கும் இம்முறை ஒரே அளவில் பயன்படாது என்பதையும் அறிதல் வேண்டும். 'ஆராய்க', 'மதிப்பிடுக', 'உம் கருத்து யாது' என வரும் வினாக்கள் தீர்ப்பை வேண்டுபவை. 'ஒப்பிடுக' என்னும் வினா, ஒற்றுமை வேற்றுமைகளைத் தொகுத்தபின் அவற்றுள் எது முதன்மையானது என்று கூறும் முடிவுரையை வேண்டுகிறது. 'வழக்குரை காதை நிகழ்வுகளை விவரிக்க' என்னும் வினாவில் தீர்ப்பிற்கு இடமில்லை. அங்கு வலிந்து ஒரு தீர்ப்பை உருவாக்க வேண்டியதில்லை. நிகழ்வுகள் எங்கு வந்து நின்றன என்பதை ஓரிரு வாக்கியங்களில் கூறினால் போதும்.

தேர்வுக்கூடத்தில் நேரம் குறைந்துபோவது இன்னொரு நடைமுறைச் சிக்கல். பொருளுரை நீண்டு, இறுதி மணிக்குச் சில நிமிடங்களே இருக்கும்போது எழுதும் முடிவுரை நைந்துபோகிறது. 'சென்று தேய்ந்து இறுதல்' என்று நன்னூல் சொல்வது இதற்குப் பொருந்தும். இதற்கு ஒரு வழி, கட்டுரையைத் தொடங்கும் முன்பே வினாவிற்கான விடையை ஒரே வாக்கியமாக விடைத்தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிவைப்பது. பொருளுரை வளரும்போது அவ்வாக்கியம் மாறலாம். மாறினால் அடித்துத் திருத்திக்கொள்ளலாம். காவலரின் ஐயத்தைப் பற்றி எழுதும்போது முதலில் எண்ணியதைவிட அரசனின் பொறுப்பு கூடிவிட்டதாகத் தோன்றினால், அம்மாற்றத்தை அங்கேயே குறித்துவிட வேண்டும். நேரம் முடியும் தறுவாயில் வேறு எதையும் எழுத இயலாவிட்டாலும், திருத்தப்பட்ட அந்த ஒற்றை வாக்கியத்தை எடுத்து எழுதி, அதனுடன் 'ஏனெனில்' என்று ஒரு காரணத்தைச் சேர்த்துவிட்டால் முடிவுரை அமைந்துவிடும். அந்த இரண்டு வரிகள், முன்னுரையைப் பார்த்து எழுதிய எட்டு வரிகளைவிட வினாவிற்கு அருகில் நிற்கும்.